டெங்கு காலத்தில் வாரம் ஒருமுறை வீட்டுச் சோதனை: கொட்டினால் போதாது, தேய்க்க வேண்டும்

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரமான உட்சுவரில்தான் முட்டைகளை ஒட்டிவைக்கும். கறுப்பாக, 1 மில்லிமீட்டருக்கும் சிறியதாக இருப்பதால் அழுக்கு என்றே நினைப்போம். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை காய்ந்தபடி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். திரும்ப நிரப்பியதும் பொரிந்துவிடும். "போன வாரம்தானே கொட்டினோம், புழு எப்படி வந்தது?" என்று குழம்புவது இதனால்தான்.

பொரிந்த புழு கொசுவாகிப் பறக்க, வெப்பமான நாட்களில் சுமார் 7 முதல் 10 நாள் ஆகும். ஆகவே வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு தண்ணீர் டிரம்மை எடுத்துக்கொள்வோம்.

1. மூடியைத் திறந்ததும் டார்ச் அடித்து, அசையாமல் பாருங்கள். நிழல் பட்டாலே புழுக்கள் அடிக்கு ஓடிவிடும். ஓரிரு நிமிடத்தில் மூச்சுவிட மேலே வந்து, தலைகீழாகத் தொங்கும்.
2. தண்ணீரைக் காய்ந்த மண்ணில் கொட்டுங்கள். சாக்கடையில் கொட்டினால் சில புழுக்கள் அங்கேயே பிழைத்துக்கொள்ளலாம்.
3. சொரசொரப்பான பிரஷ்ஷும் சோப்பும் கொண்டு உட்சுவரை விளிம்பிலிருந்து அடிவரை தேயுங்கள். பழைய நீர்மட்டக் கறைக் கோட்டை இருமுறை தேயுங்கள், முட்டை அதிகம் இருப்பது அங்கேதான். கழுவிய நீரும் மண்ணுக்கே.
4. நிரப்பியதும் இறுக்கமாக மூடுங்கள். மூடி இல்லையென்றால் கொசுவலைத் துணியை விறைப்பாகக் கட்டுங்கள். தொய்ந்து தண்ணீரைத் தொட்டால் பயனில்லை. பிளாஸ்டிக் ஷீட் போட்டால் அதன் குழிவிலேயே மழைநீர் தேங்கும்.

மற்ற இடங்களுக்கும் இதே முறைதான். பலர் மறப்பது ஃபிரிட்ஜின் பின்னால், கீழே இருக்கும் தட்டு. பிளக்கைக் கழற்றிவிட்டு, தட்டு வெளியே வருமானால் எடுத்துத் தேயுங்கள். வராவிட்டால் நீரைத் துணியால் ஒற்றி எடுங்கள். பூந்தொட்டித் தட்டில் மணல் நிரப்பிவிட்டால் நீர் நிற்காது. பழைய டயரைக் கவிழ்த்து வைத்தாலும் உள்வளைவில் நீர் தங்கும், அதை அப்புறப்படுத்துவதே நல்லது.

கீழே உள்ளதை எழுதி, தண்ணீர் பிடிக்கும் இடத்தருகே ஒட்டுங்கள்:

கொசுப்புழு சோதனை: ஞாயிறு காலை
☐ டிரம், வாளி: தேய்த்தாச்சா, மூடியாச்சா
☐ மேல்நிலைத் தொட்டி: மூடியில் இடைவெளி, வழியும் குழாய்க்கு வலை
☐ ஃபிரிட்ஜ் தட்டு, ஏர் கூலர், ஏசி நீர் வடியும் வாளி
☐ பூந்தொட்டித் தட்டு, பூச்சாடி
☐ புழங்காத கழிப்பறை: தண்ணீர் ஊற்றி, மூடியைப் போட்டாச்சா
☐ மொட்டைமாடி, மழைநீர்க் குழாய், டயர், சிரட்டை, உடைந்த பாத்திரம்
தேதி: ____ பார்த்தவர்: ____ புழு இருந்த இடம்: ____

கடைசி வரியை விடாமல் எழுதுங்கள். அடுத்தடுத்து 2 வாரம் ஒரே டிரம்மின் பெயர் வந்தால், தேய்ப்பு விளிம்புக்கு எட்டவில்லை, அல்லது மூடி சரியாக உட்காரவில்லை.