இரவு மாத்திரை போடும் பெரியவர்கள் விழாமலிருக்க: படுக்கை முதல் பாத்ரூம் வரை

வீட்டில் 65 வயதைத் தாண்டிய ஒருவர் தினமும் தூக்க மாத்திரை போடுகிறாரா? அப்படியானால் கவனிக்க வேண்டிய நேரம், அவர் சிறுநீர் கழிக்க எழும் நள்ளிரவு. பத்து மணிக்குப் போட்ட மாத்திரை அப்போது உடம்பில் முழு வேகத்தில் இருக்கும். தசை தளர்ந்திருக்கும், கால் தடுமாறினால் சட்டென்று ஊன்றிக்கொள்ளும் அனிச்சை மந்தமாகியிருக்கும். விழுந்தால் கையை ஊன்றக்கூட நேரம் இருக்காது. உடல் எடை முழுவதும் பக்கவாட்டில், இடுப்பருகே தொடை எலும்பின் மேல்பகுதியில் இறங்கும். ‘இடுப்பெலும்பு உடைந்துவிட்டது’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் அந்த மேல்பகுதி உடைவதைத்தான்.

படி 1: அட்டையைப் படியுங்கள்

மாத்திரை அட்டையில் கம்பெனிப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் பாருங்கள். அல்பிரசோலம், குளோனசெபம், டயசெபம், லோரசெபம், நைட்ரசெபம், சோல்பிடெம் இவற்றில் ஒன்றாக இருந்தால் இந்தப் பதிவு உங்களுக்கானது.

குளோனசெபம் உடம்பிலிருந்து பாதி வெளியேறவே 30 முதல் 40 மணி நேரம் ஆகும். நேற்று போட்டது தீருவதற்குள் இன்றையது சேர்ந்துவிடுகிறது. டயசெபம் முதியவர்களின் உடலில் இன்னும் நீண்ட நேரம் தங்கும். வயதானால் ஈரலின் வேகம் குறைகிறது, உடலில் கொழுப்பின் பங்கு கூடுகிறது. இந்த மருந்துகளில் பல கொழுப்பில் போய்த் தங்குபவை. நாற்பது வயதில் ஒத்துப்போன அளவு எழுபதில் ஒத்துப்போகாததற்கு இதுவும் ஒரு காரணம்.

சோல்பிடெம் சீக்கிரம் வெளியேறிவிடுமே, அது பரவாயில்லையா என்று பலர் கேட்பார்கள். இல்லை. அதன் வேகம் உச்சத்தில் இருப்பது முதல் சில மணி நேரத்தில். பெரியவர் முதல் முறை எழுவதும் அப்போதுதான். முதியவர்களுக்கு அதன் சாதாரண மாத்திரையில் பரிந்துரைக்கப்படும் அளவு 5 மி.கி. கையில் இருப்பது 10 மி.கி. என்றால் மருத்துவரிடம் கேளுங்கள்.

படி 2: எழுந்தால் பிரஷர் இறங்குகிறதா?

வீட்டிலுள்ள பி.பி. மெஷினே போதும். ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு முறை பாருங்கள். எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் ஒரு முறை, மூன்று நிமிடத்தில் இன்னொரு முறை. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால், நிற்கும்போது மூளைக்கு ரத்தம் போதாமல் தலைசுற்ற வாய்ப்புண்டு. பார்க்கும்போது பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். இந்த எண்களை எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். பி.பி. மாத்திரையும், பிராஸ்டேட்டுக்குப் போடும் டாம்சுலோசின் போன்றவையும் இந்த இறக்கத்தைக் கூட்டும்.

சளிக்கும் அரிப்புக்கும் தாமாகக் கடையில் வாங்கும் மாத்திரைகளில் பலவும் மயக்கம் தருபவையே. தூக்க மாத்திரையோடு அவை சேரக் கூடாது. மதுவும்தான்.

படி 3: அந்த வழியை நடந்து பாருங்கள்

இரவு விளக்கை அணைத்துவிட்டு, அவர் படுக்கும் இடத்திலிருந்து பாத்ரூம்வரை நீங்களே ஒரு முறை நடங்கள். எட்டாத இடத்தில் இருக்கும் சுவிட்ச், மடங்கிக் கிடக்கும் கால்மிதி, பாத்ரூம் வாசலில் இருக்கும் ஓரடி இறக்கம், காலில் சுற்றும் கொசுவலை எல்லாம் அப்போது தெரியும்.

கட்டிலின் விளிம்பில் உட்காரும்போது இரு பாதமும் தரையில் முழுதாகப் படிந்து, முழங்கால் செங்கோணத்தில் மடங்க வேண்டும். பாதம் தொங்கினால் கட்டில் உயரம். முழங்கால் இடுப்பைவிட மேலே வந்தால் தாழ்வு. தரையில் பாய் விரித்துப் படுப்பவர் இரவில் எழுவதுதான் மிகக் கடினம். அவருக்குக் கட்டிலுக்கு மாறச் சொல்வதை முதலில் செய்யுங்கள். கட்டிலின் இருபுறமும் உயரமான கம்பி போட்டு அடைக்க வேண்டாம். மயக்கத்தில் அதைத் தாண்ட முயன்று இன்னும் உயரத்திலிருந்து விழுவார்கள்.

சின்ன இரவு பல்பு ஒன்று கட்டிலருகே, ஒன்று பாத்ரூம் வாசலில். பாத்ரூம் சுவரில், உறுதியாகத் துளையிட்டு மாட்டிய கைப்பிடி. துண்டு தொங்கவிடும் கம்பி பிடிமானம் ஆகாது. இழுத்தால் கையோடு வந்துவிடும். உள்தாழ்ப்பாளைப் போட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். வழி நீளம் என்றால் கட்டிலருகே கமோட் நாற்காலியோ, ஆண்களுக்கு யூரின் பாட்டிலோ வைத்துவிடுங்கள். கூச்சப்படுவார்கள், பகலிலேயே பேசிப் பழக்கிவிட்டால் ஏற்றுக்கொள்வார்கள்.

எழும் விதத்தையும் பழக்க வேண்டும். விழித்ததும் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் பத்துப் பதினைந்து முறை அசைத்து, பிறகு பிடித்துக்கொண்டு நிற்கட்டும். தலை சுற்றினால் திரும்ப உட்கார வேண்டும்.

படி 4: நேரமும் அளவும்

மாத்திரையைப் போட்டபின் வேலை எதுவும் இருக்கக் கூடாது. சிறுநீர் கழித்து, கதவு பூட்டி, படுக்கைக்கு வந்தபின்தான் மாத்திரை. நள்ளிரவில் தூக்கம் வரவில்லை என்று இன்னொன்று போடவே கூடாது.

மருந்தைக் குறைப்பது எப்படி என்பதற்கு ஓர் உதாரணம். 72 வயதுப் பாட்டி ஒருவர். கணவர் இறந்த சமயத்தில் தொடங்கிய குளோனசெபம் 0.5 மி.கி.யை நான்கு வருடமாகப் போடுகிறார். மாலையில் ஒரு நீர் பிரியும் மாத்திரையும் உண்டு. அதனால் இரவில் மூன்று முறை எழுகிறார். மருத்துவர் முதலில் நீர் மாத்திரையைக் காலைக்கு மாற்றுவார். எழுவது குறைந்தாலே ஆபத்தும் குறையும்.

அடுத்து குளோனசெபம். 0.25 மி.கி. மாத்திரை வாங்கி, முதல் இரண்டு வாரம் இரவில் ஒன்றரை. அடுத்த இரண்டு வாரம் ஒன்று. பிறகு ஒரு நாள் ஒன்று, மறுநாள் அரை என்று இரண்டு வாரம். பிறகு தினமும் அரை, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் அரை, பிறகு நிறுத்தம். சிலருக்கு இதைவிட மெதுவாக, மாதக்கணக்கில் போக வேண்டியிருக்கும். இந்த அட்டவணை மருத்துவர் எழுதித் தர வேண்டியது. வலிப்புக்காக இந்த மருந்தை எடுப்பவர்கள் இந்தக் குறைப்பைத் தொடவே கூடாது. சி.ஆர். என்று போட்ட, மருந்தை மெல்ல மெல்ல வெளிவிடும் மாத்திரையை உடைக்கவும் கூடாது.

ஒவ்வொரு குறைப்புக்குப் பின்னும் சில இரவு தூக்கம் கெடும். மாத்திரை இல்லாமல் முடியாது என்பதற்கு அது சாட்சி அல்ல. உடம்பு பழகும் காலம் அது. கடினமாக இருந்தால் அதே படியில் இன்னும் இரண்டு வாரம் இருக்கலாம். திடீரென்று அடியோடு நிறுத்தினால் நடுக்கம், குழப்பம், வலிப்புவரை போகலாம்.

முதியவர்களால் இதை விட முடியாது என்று நினைக்க வேண்டாம். கனடாவின் கியூபெக்கில் நடந்து 2014-ல் வெளியான எம்பவர் ஆய்வில், பல காலமாகக் குளோனசெபம் போன்ற மருந்து எடுத்த முதியவர்களுக்கு ஆபத்தையும் குறைக்கும் முறையையும் விளக்கும் கையேடு கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் 27 சதவீதம் பேர் முழுதாக நிறுத்தினார்கள். கையேடு பெறாதவர்களில் 5 சதவீதம்தான்.

விழுந்துவிட்டால்

அக்குளில் கைவைத்துத் தூக்க வேண்டாம். ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால், காலைத் தூக்க முடியாவிட்டால், எலும்பு முறிந்ததாகவே வைத்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். சிலர் நொண்டியபடி நடப்பார்கள், தொடையிடுக்கில்தான் வலி என்பார்கள். அவர்களுக்கும் எக்ஸ்ரே வேண்டும். அதில் தெரியாமல் வலி நீடித்தால் எம்.ஆர்.ஐ. கேளுங்கள். எண்ணெய் தேய்த்து நீவிவிடுவதும், கட்டு போட்டுக் காத்திருப்பதும் வேண்டாம்; இந்த முறிவுக்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவை, அதுவும் ஓரிரு நாளுக்குள்.

மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோய், கடைசியாக எப்போது போட்டார் என்பதை மயக்க மருத்துவரிடமும் வார்டு நர்ஸிடமும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மருத்துவமனையில் மருந்து சட்டென்று நின்றுபோகும். அடுத்த சில நாளில் அவர் உளறினால், கை நடுங்கினால், அதை முதுமை என்றோ அறுவை சிகிச்சையின் விளைவு என்றோ மட்டும் எண்ணி, மருந்து நின்றதுதான் காரணம் என்பதை மருத்துவர்கள் தவறவிட நேரிடும்.