வீடு முழுக்கக் கேட்கும் பூனைப் பெயரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சேலம் அம்மாபேட்டையில் என் அத்தை வீடு நீளமானது. வாசலை ஒட்டித் தறிக்கூடம், அதில் இரண்டு குழித்தறி. அதற்கடுத்து கூடம், சமையல்கட்டு, கடைசியில் கொல்லை. அங்கே ஒரு வெள்ளைப் பெண்பூனை வந்து சேர்ந்தது. சேலம் வெண்பட்டு நெய்கிற வீடாயிற்றே, அதற்குப் ‘பட்டு’ என்று பெயர் வைத்தார்கள். ஐந்து மாதம் ஆகியும் ‘பட்டு’ என்று கூப்பிட்டால் அது திரும்பவே இல்லை. பூனையிடம் தவறில்லை, பெயர்தான் சரியில்லை. அந்தப் பெயரை மாற்றியபோது நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் காது கேட்கிறதா என்று பாருங்கள்

வெள்ளைப் பூனைகளில், அதிலும் நீலக்கண் உள்ளவற்றில், பிறவியிலேயே காது கேளாதவை அதிகம். பூனை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அதன் பின்னால் சற்றுத் தள்ளி நின்று ஒரு காகிதப் பையைக் கசக்குங்கள். கை தட்டவோ தரையை மிதிக்கவோ வேண்டாம். காற்றும் அதிர்வும் பூனைக்குத் தெரிந்துவிடும். காது மடல் உங்கள் பக்கம் திரும்பினால் போதும். அத்தை வீட்டுப் பூனைக்கு மஞ்சள் கண், காதும் நன்றாகவே கேட்டது.

ஒரு நாள் முழுக்க வீட்டுப் பேச்சைக் கேளுங்கள்

டோக்கியோவின் சோபியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அட்சுகோ சாய்டோவின் குழு 2019-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. பூனையின் பெயருக்கு முன்னால், அதே நீளமும் ஏற்ற இறக்கமும் உள்ள நான்கு சொற்களை ஒவ்வொன்றாக ஒலிக்கவிட்டார்கள். கேட்கக் கேட்கப் பூனையின் கவனம் குறைந்துகொண்டே போகும். ஐந்தாவதாகப் பெயர் வந்ததும் பல பூனைகள் காதையோ தலையையோ அசைத்தன. முன்பின் அறியாதவர் குரலில் சொன்னபோதும் தங்கள் பெயரைப் பிரித்தறிந்தன. அதாவது, பூனை குரலை மட்டும் கவனிப்பதில்லை, சொல்லின் ஒலியையும் கவனிக்கிறது.

அடிக்கடி காதில் விழுந்து, அதனால் ஒன்றும் நடக்காத சொல்லைப் பூனை கழித்துக்கட்டிவிடும் என்பதும் இதிலிருந்து தெரிகிறது. நெசவாளர் வீட்டில் ‘பட்டு’ என்ற சொல் எத்தனை முறை வரும்! பட்டு நூல் வந்ததா, பட்டுக்கு என்ன விலை, பட்டு வேட்டி முடிந்ததா. நாடா, பாவு என்கிற தறிச் சொற்களுக்கு இருந்த மதிப்புதான் அந்தப் பூனையிடம் தன் பெயருக்கும் இருந்தது. உங்கள் வீட்டில் அது வேறு சொல்லாக இருக்கலாம். ‘மணி’ என்று பெயர் வைத்துவிட்டு நாள் முழுக்க ‘மணி என்ன?’ என்று கேட்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். காலையிலிருந்து இரவு வரை திரும்பத் திரும்ப வரும் சொற்களை ஒரு தாளில் எழுதுங்கள். வீட்டு ஆட்களின் பெயர்களையும் சேருங்கள். அவற்றோடு ஒலியில் ஒட்டுகிற எதுவும் வேண்டாம்.

பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள்

‘பட்டு’ என்பதில் கடைசி உகரம் குற்றியலுகரம், அரை மாத்திரைதான். பக்கத்தில் இருந்து சொன்னால் உதடு குவியாமல் சட்டென்று முடிந்துவிடும். கொல்லையிலிருந்து கூப்பிடும்போது அதுவே ‘பட்டூ...’ என்று உதடு குவிந்த நெடிலாகிவிடுகிறது. நமக்கு இரண்டும் ஒரே பெயர். எழுத்து தெரியாத பூனைக்கு இரண்டும் வேறு வேறு ஒலி. கையருகே கற்றுக்கொண்ட ஒலி தூரத்தில் வருவதே இல்லை.

இகரத்தில் முடிகிற பெயருக்கு இந்தச் சிக்கல் இல்லை. ‘இ ஈ ஆகும்’ என்கிறது தொல்காப்பியத்தின் விளிமரபு. தூரத்தில் இருப்பவரை அழைக்கும்போது பெயர் தன் அளவைத் தாண்டி நீளும் என்பதும் அங்கேயே இருக்கிறது. நீளம்தான் மாறும், ஒலி அதேதான். ஆகாரத்தில் முடிகிற பெயர்களும் அப்படியே. வாய் அகலத் திறப்பதால் ‘ஆ’ இயல்பாகவே உரத்து வரும். ‘ஈ’யில் உயர்ந்த அதிர்வுகள் தூக்கலாக இருக்கும். பூனைக் காது சுமார் 48 ஹெர்ட்ஸிலிருந்து 85 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும். நம் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும்.

அப்படியானால் ‘ஸ்’, ‘ஷ்’ போன்ற சீறல் ஒலிதான் பூனைக்குப் பிடிக்கும் என்று சிலர் சொல்வதுண்டு. எதிரே உட்கார்ந்திருக்கும்போது அது கவனத்தை இழுக்கும், உண்மைதான். ஆனால் கதவும் சுவரும் முதலில் தடுப்பது உயர்ந்த ஒலிகளைத்தான். மூடிய கதவைத் தாண்டி ‘ஸ்னோ’ என்று கூப்பிட்டால் மறுபக்கம் போய்ச் சேர்வது ஒரு மங்கலான ‘ஓ’. அது மட்டுமா, கோழியையும் பூனையையும் நாம் விரட்டுவதே ‘ச்சூ’ என்றுதான்.

சுவரைத் தாண்டி மிஞ்சுவது உயிரொலியும் அசைகளின் தாளமும். அதனால் நடுவே இரட்டித்த வல்லினம் நல்லது. க்க, ச்ச, ட்ட, த்த, ப்ப வரும்போது குரல் ஒரு கணம் முழுக்க நின்று பிறகு வெடிக்கும். அந்த இடைவெளி தறிச் சத்தத்திலும் தெரியும். ஒற்றையாக வந்தால் நம் பேச்சில் வல்லினம் மெலிந்துவிடும், இடைவெளியும் போய்விடும். ஆக இரண்டு அசை, நடுவே இரட்டை வல்லினம், கடைசியில் இ அல்லது ஆ.

நடந்து பார்த்துச் சோதியுங்கள்

நாங்கள் எழுதியவை மூன்று: பிச்சி, கிச்சா, இந்தக் கணக்குக்குள் வராத முல்லை. தறி ஓட, மிக்ஸியும் ஓட, அத்தை சமையல்கட்டில் நின்று மூன்றையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டார். பூனை வழக்கமாகப் படுக்கும் தறிக்கூட மூலையில் நான் உட்கார்ந்து, கேட்டதைக் கேட்டபடி எழுதினேன். ‘முல்லை’ வெறும் முனகலாக வந்தது, ‘ல்ல’ கரைந்தே போய்விட்டது. மற்ற இரண்டும் தெளிவு. ஆனால் பக்கத்து வீட்டில் ஒரு கிச்சா இருக்கிறார், நாளுக்குப் பத்து முறை அவரை அழைப்பார்கள். பிச்சிப்பூவின் வெள்ளைக்கும் பொருந்தியதால் ‘பிச்சி’ நின்றது. அந்த வீட்டில் எல்லாரும் சொல்வது குண்டுமல்லிதான், பிச்சி யார் வாயிலும் வராது.

பழக்குவது

சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், பசியோடு இருக்கும்போது தொடங்குங்கள். உப்பில்லாமல் வேகவைத்த கோழித் துணுக்கு, சுண்டுவிரல் நக அளவு. ஒரு முறை பெயர், உடனே ஒரு துணுக்கு. வேளைக்கு ஐந்து முறைக்கு மேல் வேண்டாம். முதல் சில நாள் கைக்கெட்டும் தூரம், அப்புறம் அறையின் மறுகோடி, அப்புறம் அடுத்த அறை. வீட்டில் எல்லாரும் ஒரே மெட்டில் அழைக்கவேண்டும், முதல் அசை குட்டையாக, இரண்டாவது உயர்ந்து நீண்டு: பிச்சீ.

நான்காம் நாள் அத்தை ‘பிச்சி’ என்று அழைத்துப் பிடித்து, கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுவிட்டார். அடுத்த இரண்டு நாள் பெயர் கேட்டாலே பூனை பாவுக் கட்டைக்குப் பின்னால் ஒளிந்தது. மீண்டும் முதல் நாள்போலக் கையருகே தொடங்கவேண்டியதாயிற்று. மருந்துக்கும் திட்டுவதற்கும் பெயரைப் பயன்படுத்தாதீர்கள், பேசாமல் போய்த் தூக்கிக்கொள்ளுங்கள்.

கற்றுக்கொண்டதா என்று பார்ப்பது

இரண்டு வாரம் கழித்து, பூனை விழித்தபடி சும்மா படுத்திருக்கும்போது, அதன் கண்ணில் படாமல் நின்று கால் நிமிட இடைவெளியில் நான்கு சொற்களைப் பெயரின் அதே மெட்டில் சொல்லுங்கள். நாங்கள் சொன்னவை தட்டி, கொத்தி, பெட்டி, கப்பி. பிறகு பெயர். சொற்களுக்குச் சோர்ந்துகொண்டே போன காது பெயருக்கு நிமிர்ந்தால் கற்றுக்கொண்டுவிட்டது. எல்லாச் சொல்லுக்கும் ஒரே மாதிரி திரும்பினால் அது உங்கள் மெட்டைத்தான் பிடித்திருக்கிறது, இன்னும் ஒரு வாரம் பழக்குங்கள்.

எழுந்து ஓடிவரவில்லையே என்று நினைக்க வேண்டாம். பெயரைத் தெரிந்துகொள்வது ஒன்று, வருவது இன்னொன்று. பிச்சி இப்போது கொல்லையிலிருந்து அழைத்தால் தறிக்கூடத்தில் தலையைத் தூக்குகிறது. சாப்பாட்டு நேரமானால் வந்தும் விடுகிறது.