‘ஓடும்’ ஓடுமா, ஓடாதா?

தமிழ்ச் செய்திகளுக்குச் சொல்வகை குறிக்கும் நிரலில், ‘வரவில்லையென்றால்’ பெயர்ச்சொல் என்று வந்தது. ஆங்கிலத்தில் நாலைந்து சொல்லாக நிற்பது இங்கே இடைவெளியில்லாத ஒரே சொல். பயிற்சித் தரவில் அது இல்லை. தெரியாததையெல்லாம் நிரல் பெயராக்கிவிடும்.

உடம்படுமெய்யை நீக்கி ‘வர + இல்லை + என்றால்’ எனப் பிரித்ததும் சரியானது. அப்புறம் ‘உம்’ படுத்தியது. ‘மரமும்’ பிரியலாம், ‘வரும்’ பிரியக்கூடாது. மிச்சம் அகராதியில் இருந்தால் மட்டும் வெட்டு என்றேன். ‘ஓடும்’ அதிலும் தப்பியது: கூரை ஓடும் உண்டு, ஆறு ஓடும் என்பதும் உண்டு.

இப்போது வெட்டுவதைத் தள்ளிப்போட்டு, இரண்டு பகுப்பையும் சொல்வகை குறிக்கும் நிரலுக்கே கொடுக்கிறேன். ‘ஓடும் சுவரும்’ என்று பக்கத்தில் இன்னொரு ‘உம்’ இருந்தால் பெரும்பாலும் பெயர். ‘ஓடும் பேருந்தும் லாரியும்’ என்று வந்தால் இன்னும் சறுக்குகிறது.