செகண்ட் ஹேண்ட் தராசு போட்டோ வந்தா முதல்ல எங்க பாக்கணும்?

பெங்களூரு அல்சூர்ல மளிகைக்கடை வெக்கப்போற மாமா பையன் ஒரு எலக்ட்ரானிக் தராசு போட்டோ அனுப்பி "அண்ணா இது வாங்கலாமா"ன்னு கேட்டான். முன்பக்கம் மட்டும்தான், டிஸ்ப்ளே பளிச்சுனு இருக்கு, ஆனா அதுல ஒண்ணும் தெரியாது. பக்கவாட்டுலயோ பின்னாடியோ ஒட்டியிருக்க பிளேட்டையும் ஈய சீலையும் கிட்ட போய் எடுத்து அனுப்பச் சொன்னேன்.

பிளேட்ல கம்பெனி, மாடல், சீரியல் நம்பர், IND/09/ னு ஆரம்பிக்கிற அப்ரூவல் நம்பர் இருக்கணும். இதுல Max 30 kg, Min 100 g, e = 5 g. e ன்னா தராசைச் சோதிக்க எடுத்துக்கிற எடை இடைவெளி. Min 100 g ன்னா 100 கிராமுக்கு கீழ இதுல நிறுக்கக்கூடாது, 50 கிராம் ஏலக்காய் விக்கிறவனுக்கு இது சரிப்படாது. அப்ரூவல் நம்பரே இல்லன்னா அது வீட்டு கிச்சன் தராசா இருக்கலாம், விட்டுடுங்க.

அப்ரூவல் இருந்தா மட்டும் முத்திரை ஆயிடாது, ரெண்டும் வேற: அப்ரூவல் மாடலுக்கு, முத்திரை எடையளவு துறை ஒவ்வொரு தராசையும் சோதிச்சு வெக்கிறது. மூடியைத் திறக்க முடியாதபடி கம்பி கோத்து ஈய சீல் அடிச்சிருப்பாங்க, அதுல வருஷமும் காலாண்டு எழுத்தும் இருக்கும், A ன்னா ஜனவரி-மார்ச், B ஏப்ரல்-ஜூன், அப்படியே D வரை. எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் மறுமுத்திரை. அவன் அனுப்பினதுல கம்பி அறுந்திருந்துச்சு, யாரோ திறந்திருக்காங்க, ரிப்பேர் பண்ணாலும் திரும்ப முத்திரை வாங்கித்தான் ஆகணும். சர்டிபிகேட் இருந்தா அதுல உள்ள சீரியல் நம்பரும் பிளேட்டும் ஒண்ணான்னு பாருங்க.

தனி பில் பிரிண்டருக்கு முத்திரை கிடையாது, நிறுக்கிற மிஷினுக்குத்தான்.