இங்கே வட்டி, அங்கே டிவிடெண்ட்: வெளிநாட்டுத் தாய் நிறுவனத்துக்குப் பணம் அனுப்பும்போது செய்யக்கூடாத தவறுகள்

மணலி, எண்ணூர் பக்கம் வெளிநாட்டுத் தாய் நிறுவனம் உள்ள ஆலைகள் முதலீடு வாங்க, கட்டாயம் பங்காக மாறும் கடன்பத்திரங்களை வெளியிடுவது உண்டு. சுருக்கமாக சிசிடி. அந்நியச் செலாவணி விதிகள் இதைப் பங்காகவே பார்க்கின்றன. வருமான வரிக் கணக்கில், பங்காக மாறும் வரை இதைக் கடனாக வைத்து வட்டியைச் செலவாகக் கழிப்பதுதான் வழக்கம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மணலியில் ஒரு ரசாயன ஆலை. தாய் நிறுவனம் நெதர்லாந்தில். 100 கோடி ரூபாய்க்கு 10 சதவீத சிசிடி என்றால் ஆண்டு வட்டி 10 கோடி. ஆலை 25.168 சதவீத வரி கட்டுவதால், இந்த வட்டியைச் செலவாகக் கழித்து சுமார் 2.52 கோடி மிச்சப்படுத்துகிறது. திருப்பித் தர வேண்டிய பணமே இல்லை என்பதால் தாய் நிறுவனம் இதைப் பங்கு முதலீடாகக் கருதி, வந்த வட்டியை டிவிடெண்ட் என்று காட்டி தன் நாட்டில் வரி விலக்குக் கேட்கிறது. அந்த விலக்கு கிடைத்தால், இங்கே செலவாகக் கழிந்த 10 கோடி அங்கே யாருடைய வருமானத்திலும் சேராது. இதைத்தான் இரு நாட்டு வரிக் கணக்குகளுக்கு இடையிலான முரண்பாடு என்கிறார்கள்.

இதில் அதிகம் நடக்கும் தவறு, ‘டிடிஎஸ் பிடித்துவிட்டோமே, வரி கட்டியாச்சே’ என்று விட்டுவிடுவது. இந்தியா-நெதர்லாந்து வரி ஒப்பந்தப்படி 10 சதவீதம், அதாவது 1 கோடி, இங்கே பிடிக்கப்படுவது உண்மைதான். ஆனால் இப்படிப்பட்ட முரண்பாடுகளைத் தடுக்க, பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பான ஓஈசிடி 2015-இல் வெளியிட்ட பரிந்துரைகளில் கேள்வியே வேறு: பெறுபவர் தன் நாட்டில் அதை வழக்கமான வருமானமாகச் சேர்த்தாரா? பணம் கிளம்பும் நாட்டில் பிடித்த வரி அதற்குப் பதிலாகாது.

அடுத்தது, ‘இந்தியாவில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை, அதனால் பயமில்லை’ என்ற எண்ணம். தனிச் சட்டம் இல்லை என்பது சரி. ஆனால் அடி மறுபக்கத்தில் விழும். கொடுப்பவர் செலவாகக் கழிக்கக்கூடிய தொகைக்கு டிவிடெண்ட் விலக்கு கிடையாது என்று நெதர்லாந்து 2016 முதலே வைத்திருக்கிறது. விலக்கு போனால் 10 கோடியும் அங்கே வருமானத்தில் சேரும், 25.8 சதவீதம் வரை வரி விகிதம் பொருந்தும். இங்கேயும் பொது வரி தவிர்ப்புத் தடுப்பு விதியான கார் இருக்கிறது. ஓர் ஆண்டில் வரிப் பயன் 3 கோடியைத் தாண்டினால்தான் அது வரும். நம் கணக்கு அதற்குக் கீழே இருக்கிறது. இதே சிசிடி 150 கோடி என்றால் வட்டி 15 கோடி, மிச்சம் சுமார் 3.78 கோடி, வரம்பைத் தாண்டிவிடும். அப்புறம், வட்டி 1 கோடியைத் தாண்டினாலே, வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய லாபத்தில் 30 சதவீதம் என்ற உச்சவரம்பையும் பார்க்க வேண்டும்.

எதிர்ப்பக்க நாட்டில் வரி விகிதம் குறைவு என்பதற்காக மட்டும் இது முரண்பாடு ஆகிவிடாது. குறைந்த விகிதத்திலானாலும் வருமானத்தில் சேர்ந்தால் சேர்ந்ததுதான்.

இதைக் கண்டுபிடிக்க நம் கணக்குப் புத்தகம் மட்டும் போதாது. பத்திரம் வெளியிடும் முன்பே, இந்த வரவைத் தன் வரிப் படிவத்தில் வட்டி என்று காட்டுமா, டிவிடெண்ட் என்று காட்டுமா, விலக்குக் கேட்குமா என்று தாய் நிறுவனத்தின் வரி ஆலோசகரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். தாய் நிறுவனத்தின் வரி வசிப்பிடச் சான்றிதழை மட்டும் வாங்கிக் கோப்பில் வைத்தால் இதற்குப் பதில் கிடைக்காது. அந்த நிறுவனம் வரிக் கணக்கில் அந்த நாட்டில் வசிப்பது என்பதை மட்டுமே அது சொல்கிறது. இந்தத் தொகை வருமானத்தில் சேர்ந்ததா என்பதைச் சொல்வதில்லை.