ஒரு மாத நோட்டீஸா, முப்பது நாள் நோட்டீஸா? கடைசி நாளைக் கணக்கிடும்போது செய்யும் தவறுகள்

என் நண்பர் 2025 ஜனவரி 31, வெள்ளிக்கிழமை ராஜினாமா கொடுத்தார். 'ஒரு மாசம்தானே' என்று பிப்ரவரி 28-ஆம் தேதி கணினியை ஒப்படைத்துவிட்டு, மறுநாளே புது வேலையில் சேர்ந்துவிட்டார். செட்டில்மென்ட் தாளில் இரண்டு நாள் சம்பளம் பிடித்திருந்தார்கள். மாதம் 45,000 ரூபாய், முப்பதால் வகுத்தால் நாளுக்கு 1,500. மொத்தம் 3,000 ரூபாய் போயிற்று. வேலை நியமனக் கடிதத்தை எடுத்துப் பார்த்தால் 'முப்பது நாள் நோட்டீஸ்' என்று இருந்தது. அவர் மனதில் அது 'ஒரு மாதம்' என்று பதிந்திருந்தது, அவ்வளவுதான்.

மாதம் என்று சொன்னால் அது நாட்காட்டி மாதம். இந்தியச் சட்டங்களில் வரும் 'மாதம்' என்ற சொல்லுக்கு 1897-ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம் தரும் பொருளும் அதுதான். எனவே நாட்களை எண்ணவே வேண்டாம். அடுத்த மாதத்தில் அதே தேதியைப் பார்த்தால் போதும். ஏப்ரல் 10-இல் கொடுத்த ஒரு மாத நோட்டீஸ் மே 10-இல் முடியும். முப்பது நாள் என்றால் விரல்விட்டு எண்ணித்தான் ஆகவேண்டும். இரண்டும் ஒன்றல்ல என்பதை உச்ச நீதிமன்றம் 2010-இல் இமாச்சலப் பிரதேச அரசு தொடர்பான ஒரு வழக்கில் தெளிவாகவே சொன்னது. மூன்று மாதம் என்பதைத் தொண்ணூறு நாளாக மாற்றிப் படிக்கக்கூடாது என்பதுதான் அங்கே விஷயம்.

தொல்லை என்னவென்றால், ஏப்ரல் மாதிரி முப்பது நாள் உள்ள மாதத்தில் கொடுத்தால் இரண்டு கணக்கும் ஒரே தேதியில் வந்து நிற்கும். அதைப் பார்த்துப் பழகியவர்தான் பிப்ரவரியில் மாட்டுகிறார். ஜூலை 15-இல் கொடுத்தால் ஒரு மாதம் ஆகஸ்ட் 15-இல் முடியும், முப்பது நாள் ஆகஸ்ட் 14-இலேயே முடிந்துவிடும். 2025 பிப்ரவரி 15-இல் கொடுத்திருந்தால் ஒரு மாதம் மார்ச் 15 வரை, முப்பது நாள் மார்ச் 17 வரை. அதாவது 31 நாள் மாதத்தில் முப்பது நாள் நோட்டீஸ் ஒரு நாள் குறைவு. பிப்ரவரியைத் தாண்டும்போது ஒன்றோ இரண்டோ நாள் கூடுதல்.

நண்பர் விஷயத்தில் பிப்ரவரி 31 என்று ஒரு தேதியே கிடையாது. அதே தேதி இல்லாவிட்டால் அந்த மாதத்தின் கடைசி நாளில் நோட்டீஸ் முடியும் என்பது விதி. ஆகவே 2025-இல் ஜனவரி 28, 29, 30, 31 எந்த நாளில் கொடுத்திருந்தாலும் ஒரு மாதம் பிப்ரவரி 28-இல்தான் முடியும். வேடிக்கையான விதிதான், ஆனால் அப்படித்தான். இதுவே முப்பது நாள் என்றால், பிப்ரவரி 1 முதல் நாள், 28-ஆம் தேதி இருபத்தெட்டாவது நாள், மார்ச் 2 முப்பதாவது நாள். அது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு என்பதற்காக நோட்டீஸ் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போகாது, வெள்ளிக்கு முன்னேறியும் வராது.

அடுத்த தவறு, கடிதம் கொடுத்த நாளையே முதல் நாளாக எண்ணுவது. பொதுவான முறையில் அந்த நாள் கணக்கில் சேராது, மறுநாள்தான் ஒன்று. ஆனால் சில நிறுவனங்கள் தங்கள் விதிகளில் கொடுத்த நாளையும் சேர்த்துக்கொள்ளும். அங்கே ஜூலை 15-இல் கொடுத்த ஒரு மாத நோட்டீஸ் ஆகஸ்ட் 14-இல் முடிந்துவிடும். கடிதத்தில் எழுதியிருப்பதுதான் முதலில். பொது விதி அதற்கு அப்புறம்தான். இரவு பதினொரு மணிக்கு மெயில் அனுப்புகிறவர்கள், எந்தத் தேதியை எச்.ஆர். பதிவு செய்திருக்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

எக்செல்லில் போட்டுப் பார்ப்பவர்கள், A2-இல் கொடுத்த தேதி இருந்தால்:

```
=EDATE(A2,1)
=A2+30
```

முதலாவது ஒரு மாதம், இரண்டாவது முப்பது நாள். இரண்டுமே கொடுத்த நாளை விட்டுவிட்டுத்தான் எண்ணும். இரண்டு மாத நோட்டீஸுக்கு `=EDATE(A2,2)` என்று ஒரே வீச்சில் போடுங்கள். ஒரு மாதம் கூட்டி, வந்த விடையோடு இன்னொரு மாதம் கூட்டினால் 2025 ஜனவரி 31, பிப்ரவரி 28 வழியாகப் போய் மார்ச் 28-இல் நின்றுவிடும். சரியான விடை மார்ச் 31.