வாடகை வீட்டுச் சாவி: கைமாறும் நாளில் எழுத வேண்டிய நோட்டு

மதுரை கோச்சடையில் எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனை வாடகைக்கு விட ஆரம்பித்துப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. கீழே அம்மா இருக்கிறார். குடி வருகிறவர்களிடம் சாவி கொடுப்பதும், காலி செய்கிறவர்களிடம் வாங்கி வைப்பதும் அவர்தான்.

ஒரு தடவை காலி செய்துகொண்டு போன தம்பி, "ரெண்டு சாவியையும் உங்க கையிலதானம்மா குடுத்தேன்" என்றார். "ஒண்ணுதானப்பா குடுத்த, அந்தா ஆணியில தொங்குது பாரு" என்றார் அம்மா. இரண்டு பேருமே பொய் பேசுகிறவர்கள் இல்லை. அட்வான்சில் 500 ரூபாயைப் பிடித்துக்கொண்டோம். அவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். மூன்று மாதம் கழித்துத் தெருமுனையில் துணி தேய்க்கும் அண்ணன் ஒரு சாவியைக் கொண்டுவந்து நீட்டினார். "மாடி வீட்டுத் தம்பி, துணிய உள்ள வச்சிட்டுப் போகச் சொல்லிக் குடுத்துச்சுக்கா. மறந்தே போச்சு." அந்த மூன்று மாதமும் மாடியில் வேறொரு குடும்பம், இரண்டு பெண் பிள்ளைகளோடு, அதே பூட்டை நம்பித் தூங்கியிருக்கிறது. எனக்கு 500 ரூபாய்த் தகராறு மறந்துவிட்டது. இது மறக்கவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் வைத்துக்கொண்ட முறையைத்தான் எழுதுகிறேன். ஒரு 40 பக்க நோட்டு, ஒரு பென்சில், கொஞ்சம் காகிதக் கவர் போதும். தனித்தாளில் எழுதாதீர்கள், தொலைந்துவிடும். நோட்டில் பக்க எண் போட்டுவிடுங்கள்.

முதலில் பூட்டைக் கணக்கெடுங்கள், சாவியை அல்ல

பெரும்பாலானவர்கள் சாவிக்கொத்தை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணுவார்கள். அப்படி எண்ணினால் கையில் இருப்பதுதான் தெரியும், இல்லாதது தெரியாது. தெருக் கேட்டிலிருந்து நடக்க ஆரம்பித்து, எதிர்ப்படும் ஒவ்வொரு பூட்டுக்கும் ஓர் எழுத்துக் கொடுங்கள். எங்கள் மாடிக்கு நான்கு பூட்டு: தெருக் கேட்டின் தொங்கு பூட்டு 'க', மெயின் கதவு 'ம', பின்பக்க கிரில் 'ப', மொட்டை மாடிக் கதவு 'மொ'. ஒவ்வொரு பூட்டுக்கும் மொத்தம் எத்தனை சாவி உண்டு என்று எழுதுங்கள். எங்களுக்கு க 3, ம 3, ப 2, மொ 2. ஆக 10.

சாவி வளையத்தில் மாட்டும் அட்டையிலும் இந்த எழுத்து மட்டும்தான் இருக்க வேண்டும். 'மாடி வீடு, இன்ன தெரு' என்று எழுதி மாட்டுவது, சாவியைக் கண்டெடுப்பவருக்கு வழியும் சொல்லிக் கொடுப்பது மாதிரி.

சாவியின் தலையைத் தேய்த்துப் பதியுங்கள்

சின்ன வயதில் நாலணாவை நோட்டுத் தாளுக்கு அடியில் வைத்துப் பென்சிலால் தேய்த்து உருவம் எடுப்போமே, அதேதான். சாவியின் தலைப்பகுதியைத் தாளுக்கு அடியில் வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்து லேசாகத் தேய்த்தால் கம்பெனி பெயரும் எண்ணும் அப்படியே எழும்பி வரும். பக்கத்தில் 'ம-1, ஒரிஜினல்' என்று எழுதுங்கள். கடையில் வெட்டிய டூப்ளிகேட்டாக இருந்தால் தலை வேறு வடிவத்திலோ வேறு பெயரிலோ இருக்கும், பெரும்பாலும் எண் இருக்காது. அதை 'நகல்' என்று எழுதுங்கள். இரண்டு ஒரிஜினல் கொடுத்து, திரும்பி வரும்போது ஒரு ஒரிஜினலும் ஒரு நகலும் வந்தால், எண்ணிக்கை சரியாக இருந்தாலும் ஒரு ஒரிஜினல் வெளியே இருக்கிறது. வெறும் எண்ணிக்கை எழுதியவருக்கு இது பிடிபடாது.

தலையை மட்டும் தேய்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல்லின் உருவம் தெளிவாகத் தெரிந்தால் அதை வைத்தே சாவி செய்துவிட முடியும். அதனால் சாவியைப் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்புவதை நாங்கள் விட்டுவிட்டோம். சில பூட்டுகளுக்குத் தலையில் உள்ள எண்ணை வைத்தும் சாவி வெட்டலாம். ஆகவே இந்த நோட்டு பீரோவில் இருக்க வேண்டும், டி.வி. மேல் அல்ல.

கொடுக்கும் நாள்

சாமான் இறக்கும் பரபரப்பில் கொடுக்காதீர்கள். பால் காய்ச்ச வருகிற அன்றைக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு சாவியையும் குடி வருகிறவர் கையாலேயே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சோதிப்பதே நல்லது. பூட்டின் நாக்கு முழுதாக வெளியே வந்து, முழுதாக உள்ளே போக வேண்டும். ஆட்டி, இழுத்து, தூக்கித்தான் திரும்புகிறது என்றால் அது பெரும்பாலும் நகலைப் பார்த்து வெட்டிய நகல். ஒவ்வொரு முறை நகலெடுக்கும்போதும் பல்லில் மயிரிழை பிசகும், அந்தப் பிசகு அடுத்ததில் கூடும். டூப்ளிகேட் போட வேண்டுமென்றால் ஒரிஜினலைக் கொடுத்தே போடுங்கள். வெட்டுகிறவரை பக்கத்திலேயே நில்லுங்கள்.

எங்கள் 10 சாவியில் 7 மாடிக்குப் போனது: க 2, ம 2, ப 2, மொ 1. தெருக் கேட்டுக்கும் மொட்டை மாடிக்கும் ஒவ்வொன்று அம்மாவிடம், தண்ணீர்த் தொட்டி பார்க்க வேண்டும் என்பதால். மிச்சம் ஒன்று, மெயின் கதவின் மூன்றாவது சாவி. இதில்தான் வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் உள்ளுக்குள் உறுத்தல் வரும். வீட்டுக்காரர் கையில் சாவி இருக்கிறது என்றால் குடியிருக்கும் பெண்களுக்கு நிம்மதி இருக்காது. யாரிடமும் இல்லை என்றால், ஊருக்குப் போன சமயத்தில் குழாய் உடைந்து தண்ணீர் கொட்டினால் கதவை உடைக்க வேண்டிவரும்.

நாங்கள் அந்தச் சாவியைக் கவரில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் குறுக்கே குடி வருகிறவரைக் கையெழுத்துப் போடச் சொல்கிறோம். கவர் அம்மாவின் பீரோவில் இருக்கும். கவர் பிரிந்திருந்தால் கையெழுத்தும் கிழிந்திருக்கும், மறைக்க முடியாது. அவர்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்த்துக்கொள்ளலாம். போனில் கேட்டுக்கொண்டு பிரித்தால் தேதி, நேரம், காரணம் நோட்டில் ஏறும், புதுக் கவரில் மறுபடி கையெழுத்து. ஒன்று மட்டும்: உள்பக்கம் சாவியைத் துவாரத்திலேயே விட்டுத் தூங்கினால், சாதாரண சிலிண்டர் பூட்டில் வெளியிலிருந்து மாற்றுச் சாவி நுழையாது. வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

சாவி இருப்பதாலேயே உள்ளே போகும் உரிமை வந்துவிடாது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், பழுது பார்க்க நுழைவதென்றாலும் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பு எழுத்தில் தெரிவிக்கச் சொல்கிறது.

கடைசியில் இரு தரப்பும் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டு, ஒரு ஜெராக்ஸ் அவர்களுக்கு. தேய்த்த உருவம் உள்ள பக்கத்தை ஜெராக்ஸ் எடுக்க வேண்டாம், எண்ணிக்கைப் பக்கம் மட்டும் போதும்.

நடுவில் நடப்பவை

இந்தப் பகுதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எங்கள் துணி தேய்க்கும் அண்ணன் சாவியும் இங்கேதான் தப்பியது. வேலைக்கார அக்கா, தண்ணீர் கேன் போடுகிறவர், ஊரிலிருந்து வரும் மச்சினன் என்று யாரிடம் சாவி போனாலும் ஒரு வரி எழுத வேண்டும். இப்போது இருக்கிற குடும்பத்தின் பக்கத்தில் உள்ள வரிகள் இப்படி:

ஜனவரி 12: ம-4, புதிதாக வெட்டியது, ம-1ஐப் பார்த்து. வேலைக்கார அக்காவிடம்.
மார்ச் 3: ம-4 திரும்ப வந்தது. குடியிருப்பவரிடம்.
மே 5: க-2, ம-2 தொலைந்தது. ஆற்றோரம், கூட்டத்தில்.

கடைசி வரி, அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போன அன்று நடந்தது. தொலைந்தால் உடனே கேட்க வேண்டிய கேள்வி, கூடவே என்ன தொலைந்தது என்பதுதான். வெறும் சாவி மட்டும் அத்தனை ஜனத்துக்குள் விழுந்தால் எந்த வீட்டுக்கு என்று யாருக்கும் தெரியாது. பர்சோடு, அதில் ஆதார் கார்டோடு போயிருந்தால் விலாசமும் சேர்ந்து போயிருக்கிறது. இவர்களுக்குப் போனது பர்சோடு. அன்று சாயங்காலமே கேட்டுக்குப் புதுப் பூட்டு வாங்கி, மெயின் கதவுக்குச் சிலிண்டரை மாற்றினோம்.

சிலிண்டர் மாற்றுவது

கதவில் பதித்த பூட்டு முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. சாவி நுழையும் சிலிண்டர் தனியாக விற்கிறது. கதவைத் திறந்து அதன் விளிம்பைப் பாருங்கள். நாக்கு வரும் இடத்துக்குக் கீழே, சாவித் துவாரத்தின் உயரத்தில் ஒரு ஸ்க்ரூ தெரியும். அதைக் கழற்றிவிட்டு, சாவியைப் போட்டுக் கொஞ்சமாகத் திருப்பி வெளியே இழுங்கள். திருப்பாமல் இழுத்தால் நடுவில் உள்ள சிறு பல் கதவுக்குள் தட்டி நிற்கும். எவ்வளவு திருப்ப வேண்டும் என்பது சாவியை ஆட்டிப் பார்த்தால் பிடிபடும், கால் சுற்றுக்குள்தான் இருக்கும். வெளியே வந்ததும் நடு ஸ்க்ரூ துளையிலிருந்து இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக அளந்து, பழைய சிலிண்டரையே கடைக்குக் கொண்டுபோங்கள். 30-க்கு 30 மில்லிமீட்டர் இருக்கும் இடத்தில் 35-க்கு 35 வாங்கினால் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். துருத்தியதைப் பிடித்து முறிப்பது எளிது. எங்களுக்கு 850 ரூபாய் ஆனது.

திண்டுக்கல் பூட்டு மாதிரியான தொங்கு பூட்டுக்கு இந்த வேலை இல்லை, முழுப் பூட்டையும் மாற்ற வேண்டியதுதான்.

செலவு யாருக்கு என்பதை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். நான் சொன்ன சட்டத்தின் இணைப்பு, கதவுப் பூட்டு மாற்றுவதைக் குடியிருப்பவரின் பொறுப்பில் வைக்கிறது. என் மனசுக்கு அது முழுக்க நியாயமாகப் படவில்லை. அவர்கள் தொலைத்தால் அவர்கள் செலவு, ஆள் மாறும்போது மாற்றினால் எங்கள் செலவு என்று நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.

வாங்கும் நாள்

அட்வான்ஸ் கணக்கு பேசுவதற்கு முன்னால் சாவிக் கணக்கு. நோட்டை விரித்து, ஒவ்வொரு சாவியையும் தேய்த்த உருவத்தோடு ஒப்பிட்டு, பூட்டில் போட்டுப் பார்த்து டிக் அடியுங்கள். நடுவில் வெட்டியதும் கணக்கில் வர வேண்டும். கவரைக் குடியிருந்தவர் கையாலேயே பிரிக்கச் சொல்லுங்கள். இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட பிறகு பணம்.

எல்லாம் சரியாக வந்தாலும் மெயின் கதவுச் சிலிண்டரை மாற்றிவிடுங்கள். கொடுத்த சாவி திரும்பியதா என்று நோட்டு சொல்லும், சொல்லாமல் வெட்டிய சாவியைப் பற்றி அதற்குத் தெரியாது. கழற்றிய சிலிண்டரை அதே காம்பவுண்டில் இன்னொரு போர்ஷனுக்கு மாட்டாதீர்கள், பழைய ஆளின் சாவி அங்கே திறக்கும். நாங்கள் எங்களுடையதைத் திருமங்கலத்தில் சித்தி வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம்.